கார்பனா, ஹைட்ரஜனா?

நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களைக் கரிம வேதியியலில் அடிக்கடி தடுமாற வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. 2-புரோமோபுரோப்பேனை எத்தனாலில் கரைத்த சோடியம் ஈத்தாக்சைடுடன் சேர்த்து 55 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் கிடைக்கும் முதன்மை விளைபொருள் எது? கொடுக்கப்படும் நான்கு விடைகளில் இரண்டைப் பார்த்தவுடன் ஒதுக்கிவிடலாம். மிச்சம் நிற்பவை ஓர் ஈதரும் புரோப்பீனும். இரண்டுமே உருவாகக்கூடியவை, இரண்டுக்கும் வினை வழியை அம்புக்குறி போட்டுப் பிழையில்லாமல் எழுதிவிடலாம். அதனால்தான் குழப்பம். வினை வழி எழுதத் தெரிந்த மாணவருக்கும் எந்த வழி ஜெயிக்கும் என்று சொல்லத் தெரிவதில்லை.

குடுவையில் நடப்பது இதுதான்: சுமார் 79 விழுக்காடு புரோப்பீன், 21 விழுக்காடு ஈதர். ஆகவே விடை புரோப்பீன். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு மூலக்கூறுகள் வேறு வழியில் போயிருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. ‘முதன்மை விளைபொருள்’ என்றால் அதிகமாகக் கிடைப்பது என்று மட்டுமே பொருள். அது மட்டும்தான் கிடைக்கும் என்பதல்ல.

முதலில் அந்த இரண்டு வழிகளைப் பார்த்துவிடுவோம். 2-புரோமோபுரோப்பேனில் மூன்று கார்பன்கள் வரிசையாக இருக்கின்றன. நடுக் கார்பனில் புரோமின் அமர்ந்திருக்கிறது. புரோமின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்த நடுக் கார்பனில் எலக்ட்ரான் குறைவு. ஈத்தாக்சைடு அயனியிடம் பகிர்ந்துகொள்ள ஓர் எலக்ட்ரான் இணை இருக்கிறது. அந்த இணையோடு அது நடுக் கார்பனைப் பின்புறமாக, அதாவது புரோமினுக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து நெருங்கிப் பிணைந்தால் புரோமின் வெளியேறுகிறது. புரோமின் இருந்த இடத்தில் ஈத்தாக்சி தொகுதி வந்துவிடுகிறது. இது பதிலீட்டு வினை. ஒரே படியில் முடியும் இந்த வகைக்கு எஸ்என்2 என்று பெயர்.

அதே ஈத்தாக்சைடு, அதே எலக்ட்ரான் இணையோடு, கார்பனை விட்டுவிட்டுப் பக்கத்துக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனைப் பிடித்தால் கதை மாறுகிறது. ஹைட்ரஜன் போன இடத்தில் மிஞ்சும் எலக்ட்ரான்கள் இரண்டு கார்பன்களுக்கும் நடுவில் இரட்டைப் பிணைப்பாக அமர்ந்து, புரோமினை மறுபக்கம் வெளியே தள்ளுகின்றன. இது நீக்க வினை. ஒரே படியில் நடந்தால் ஈ2. புரோமின் உள்ள கார்பனுக்கு அடுத்த கார்பனில் இருக்கும் இந்த ஹைட்ரஜனைத்தான் பீட்டா ஹைட்ரஜன் என்கிறோம். இந்தக் குறியீடுகளை எல்லாம் 1930களில் உருவாக்கியவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பணியாற்றிய கிறிஸ்டோபர் இங்கால்டும் எட்வர்டு ஹியூஸும். இரண்டு வினைகளும் ஒரே குடுவையில் போட்டியிடுகின்றன என்பதை வேக அளவீடுகள் மூலம் பிரித்துக் காட்டியவர்களும் அவர்களே.

ஆக, வினைப்பொருள் கார்பனைத் தேடினால் அதைக் கருக்கவர் பொருள் என்கிறோம். ஹைட்ரஜனைத் தேடினால் காரம் என்கிறோம். ஒரே அயனிக்கு இரண்டு குணமும் உண்டு. எந்தக் குணம் தூக்கலாக இருக்கிறது என்பதுதான் நாம் முதலில் கேட்க வேண்டியது. பல மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்கிறார்கள். ‘ஈரிணைய ஹாலைடா, மூவிணைய ஹாலைடா’ என்று மூலக்கூறைப் பார்த்தே பாதி முடிவை எடுத்துவிடுகிறார்கள். நான் வினைப்பொருளிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

அதற்குக் காரணம் காட்ட, அதே 2-புரோமோபுரோப்பேனை வைத்துக்கொண்டு ஈத்தாக்சைடுக்குப் பதிலாக அசிட்டேட் அயனியைப் போடுவோம். இப்போது புரோப்பீன் ஏறக்குறைய கிடைப்பதே இல்லை. கிட்டத்தட்ட முழுவதும் ஐசோபுரோப்பைல் அசிட்டேட் என்ற எஸ்டர்தான். மூலக்கூறு மாறவில்லை, அதன் நெரிசல் மாறவில்லை, பீட்டா ஹைட்ரஜன்களின் எண்ணிக்கை மாறவில்லை. வினைப்பொருளின் காரத்தன்மை மட்டும் மாறியிருக்கிறது.

எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அந்த அயனிகளின் தாய் அமிலங்கள் சொல்லும். அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பு 4.76. எத்தனாலின் மதிப்பு சுமார் 16. இந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு. அப்படியானால் ஹைட்ரஜனைப் பிடுங்கும் ஆவலில் ஈத்தாக்சைடுக்கும் அசிட்டேட்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கையும் தாண்டிய இடைவெளி இருக்கிறது. கார்பனோடு பிணைக்கப்பட்ட ஹைட்ரஜனை எடுப்பது எளிதல்ல. அசிட்டேட்டுக்கு அதற்கான வலு கிடையாது. கார்பனை அணுகிப் பிணைவது அதைவிட எளிது என்பதால் அது அந்த வழியில் போகிறது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் வினைப்பொருள் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அயோடைடு, அசைடு, சயனைடு, தயோலேட் ஆகியவற்றின் தாய் அமிலங்கள் எல்லாம் எத்தனாலைவிட வலுவானவை. ஹைட்ரஜன் சயனைடுக்கு 9.2, தயோலுக்கு 10.5 அளவில், ஹைட்ரஜன் அயோடைடுக்கோ பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே. எனவே இந்த அயனிகள் காரமாக மென்மையானவை. ஆனால் கந்தகமும் அயோடினும் பெரிய அணுக்கள். அவற்றின் வெளி எலக்ட்ரான்கள் தளர்வாக இருப்பதால் கார்பனை எட்டிப் பிணைவதில் கெட்டிக்காரர்கள். ஓரிணையத்திலும் ஈரிணையத்திலும் இவை வந்தால் பதிலீடு என்று துணிந்து எழுதலாம். 2-புரோமோபியூட்டேனோடு டைமெத்தில் சல்பாக்சைடில் சோடியம் சயனைடு என்று கேள்வி வந்தால், ஈரிணையம் என்று பார்த்து ஆல்க்கீன் எழுதுபவர் தவறுகிறார்.

ஆய்வகத்தில் இதை ஒரு தந்திரமாகவே பயன்படுத்துகிறார்கள். ஈரிணைய புரோமைடிலிருந்து ஆல்கஹால் வேண்டும் என்றால் நேரடியாக ஹைட்ராக்சைடைப் போட்டால் பெரும்பகுதி ஆல்க்கீனாகப் போய்விடும். அதனால் முதலில் அசிட்டேட்டைப் போட்டு எஸ்டராக்கிக்கொள்வார்கள். பிறகு எஸ்டரை நீராற்பகுத்து ஆல்கஹாலை எடுப்பார்கள். ஒரு படி கூடுதல்தான், ஆனால் சரக்கு கைக்கு வருகிறது.

வினைப்பொருள் மென்மையான காரம் இல்லை, ஈத்தாக்சைடு போன்ற வலிய காரம் என்று தெரிந்த பிறகுதான் மூலக்கூறின் நெரிசல் பேசத் தொடங்குகிறது. ஒரே சோடியம் ஈத்தாக்சைடை எத்தனாலில் வைத்துக்கொண்டு மூன்று புரோமைடுகளைச் சோதித்துப் பார்த்தால் இது தெளிவாகும். புரோமோஈத்தேனைப் போட்டால் 90 விழுக்காடோ அதற்கு மேலோ ஈதர்தான் வரும். 2-புரோமோபுரோப்பேனில் மேலே சொன்னபடி 79 விழுக்காடு ஆல்க்கீன். மூவிணைய பியூட்டைல் புரோமைடில் அறை வெப்பநிலையிலேயே 90 விழுக்காட்டுக்கு மேல் ஆல்க்கீன்; 55 டிகிரிக்குச் சூடேற்றினால் ஏறக்குறைய முழுவதுமே ஆல்க்கீன்.

இதற்குக் காரணம், புரோமின் உள்ள கார்பனைச் சுற்றி மெத்தில் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கூடக் கூட, பின்பக்கப் பாதை அடைபட்டுப்போவது. புரோமோஈத்தேனில் அந்தக் கார்பனில் ஒரே ஒரு மெத்தில். பின்பக்கம் திறந்து கிடக்கிறது. 2-புரோமோபுரோப்பேனில் இரண்டு, உள்ளே போக முடியும், ஆனால் சிரமம். மூவிணையத்தில் மூன்று, பின்பக்கமாக உள்ளே நுழைவது நடவாத காரியம். ஹைட்ரஜன்களோ மூலக்கூறின் விளிம்பில் இருப்பவை. அவற்றைத் தொட உள்ளே நுழைய வேண்டியதே இல்லை. அவற்றின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகிறது: மூன்று, ஆறு, ஒன்பது. இன்னொரு பக்கம், உருவாகும் இரட்டைப் பிணைப்பில் மெத்தில் தொகுதிகள் கூடுவதால் ஆல்க்கீனின் நிலைத்தன்மையும் கூடுகிறது. மூன்று காரணங்களும் ஒரே திசையில் இழுக்கின்றன.

நெரிசல் மூலக்கூறில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வினைப்பொருளே பருமனாக இருந்தாலும் இதே விளைவுதான். பதினெட்டு கார்பன் நீளமுள்ள 1-புரோமோ ஆக்டாடெக்கேன் ஓர் ஓரிணைய புரோமைடு. பின்பக்கம் திறந்தே இருக்கிறது. சோடியம் மெத்தாக்சைடோடு மெத்தனாலில் வினைப்படுத்தினால் 99 விழுக்காடு பதிலீடு. அதையே மூவிணைய பியூட்டைல் ஆல்கஹாலில் பொட்டாசியம் மூவிணைய பியூட்டாக்சைடோடு 40 டிகிரியில் வினைப்படுத்தினால் 85 விழுக்காடு ஆல்க்கீன். மூட்டை முடிச்சோடு வந்தவர் நெரிசலான பேருந்தின் உள்ளே போக முடியாமல் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வது மாதிரி, பருமனான பியூட்டாக்சைடு விளிம்பில் கிடைக்கும் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கேள்வியில் மூவிணைய பியூட்டாக்சைடு என்ற பெயர் வந்தாலே அது கேள்வித்தாள் தயாரித்தவர் கொடுத்த சாடை என்று எடுத்துக்கொள்ளலாம். ஓரிணையமாக இருந்தாலும் நீக்கம்தான்.

ஆனால் சாடையைக் கண்மூடித்தனமாக நம்பவும் கூடாது. அதற்கு ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 1850-ல் அலெக்சாண்டர் வில்லியம்சன் ஈதர்களைத் தயாரிக்க ஒரு வழி கண்டார். அவரும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்காரர்தான். ஆல்காக்சைடையும் ஆல்கைல் ஹாலைடையும் சேர்ப்பது. ஆக்சிஜன் ஹாலைடின் கார்பனோடு பிணைந்து ஈதர் கிடைக்கும். இந்த முறையில் மூவிணைய பியூட்டைல் மெத்தில் ஈதரைத் தயாரிக்க வேண்டும் என்கிறது கேள்வி. இந்த ஈதரின் ஒரு பக்கம் மெத்தில், மறுபக்கம் மூவிணைய பியூட்டைல், நடுவில் ஆக்சிஜன். எனவே காகிதத்தில் இரண்டு வழிகள் தெரிகின்றன.

முதல் வழி: மூவிணைய பியூட்டைல் புரோமைடோடு சோடியம் மெத்தாக்சைடு. வினைப்பொருள் எப்படிப்பட்டது? மெத்தனாலின் பிகேஏ 15.5, மெத்தாக்சைடு வலிய காரம். கார்பன் எப்படிப்பட்டது? மூவிணையம், பின்பக்கம் அடைபட்டது, ஒன்பது பீட்டா ஹைட்ரஜன்கள். விடை சொல்ல வேண்டியதில்லை. 2-மெத்தில்புரோப்பீன் வாயுவாக வெளியேறும். ஈதர் கையில் வராது.

இரண்டாவது வழி: மூவிணைய பியூட்டாக்சைடோடு மெத்தில் புரோமைடு. ‘பருமனான காரம், ஆகவே நீக்கம்’ என்று மேலே சொன்ன சாடையை அப்படியே பிடித்துக்கொண்டவர் இங்கே விழுவார். நீக்கம் நடக்கப் பக்கத்துக் கார்பன் ஒன்று வேண்டும், அதில் ஹைட்ரஜன் வேண்டும். மெத்தில் புரோமைடில் இருப்பதே ஒரே ஒரு கார்பன். பீட்டா ஹைட்ரஜன் என்பதே இல்லை. இரட்டைப் பிணைப்பு போட இரண்டாவது கார்பன் கிடையாது. எனவே காரம் எவ்வளவு பருமனாக இருந்தாலும் ஒரே வழிதான் திறந்திருக்கிறது: பதிலீடு. ஈதர் நன்றாகவே கிடைக்கும். மெத்தில் புரோமைடு நாலு டிகிரி அளவிலேயே கொதித்து வாயுவாகிவிடும் என்பதால் ஆய்வகத்தில் 42 டிகிரியில் கொதிக்கும் மெத்தில் அயோடைடை எடுத்துக்கொள்வார்கள்.

இதே கேள்வியில் மெத்திலுக்குப் பதில் எத்தில் என்று மாற்றிப் பாருங்கள். மூவிணைய பியூட்டாக்சைடும் எத்தில் புரோமைடும். புத்தகங்கள் இதை நல்ல வழியாகவே காட்டுகின்றன. மற்ற வழியோடு ஒப்பிட்டால் நல்லதுதான். ஆனால் இப்போது மூன்று பீட்டா ஹைட்ரஜன்கள் வந்துவிட்டன, காரமும் பருமனானது. ஈதரோடு எத்தீனும் கணிசமாகக் கிளம்பும். மெத்திலிலிருந்து எத்திலுக்கு ஒரே ஒரு கார்பன்தான் வித்தியாசம். ஆனால் நீக்கத்துக்கான கதவு அந்த ஒரு கார்பனில்தான் திறக்கிறது. விடை எழுதும்முன் பீட்டா ஹைட்ரஜனை விரல் வைத்து எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். தொழிற்சாலையில் மூவிணைய பியூட்டைல் மெத்தில் ஈதரைப் பெட்ரோலில் கலப்பதற்காக டன் கணக்கில் தயாரித்தபோது இந்த வழி எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை. 2-மெத்தில்புரோப்பீனையும் மெத்தனாலையும் அமிலப் பிசின் மேல் சேர்த்துவிட்டார்கள். முதல் வழியில் வேண்டாத பொருளாக வந்த ஆல்க்கீன்தான் அங்கே மூலப்பொருள்.

மூவிணையம் என்றாலே நீக்கம் என்று ஒரு விதியை மாணவர்கள் தாங்களாகவே உருவாக்கிக்கொள்கிறார்கள். இது பாதி உண்மை. அந்தப் பாதியில்தான் மதிப்பெண் போகிறது. மூவிணைய பியூட்டைல் புரோமைடோடு சோடியம் மெத்தாக்சைடு என்றால் நீக்கம். அதையே வெறும் மெத்தனாலில் கரைத்து, காரம் எதுவும் சேர்க்காமல் அறை வெப்பநிலையில் வைத்தால் பெரும்பான்மையாகக் கிடைப்பது ஈதர்! கேள்வித்தாளில் ஒன்று CH3ONa, மற்றது CH3OH. அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

காரணம் இதுதான். ஹைட்ரஜனைப் பிடுங்கும் அளவுக்கு வலிய காரம் இல்லாதபோது யாரும் மூலக்கூறை அவசரப்படுத்துவதில்லை. புரோமின் தானாகவே மெதுவாகக் கழன்று போகிறது; பின்னால் ஒரு கார்பன் நேரயனி நிற்கிறது. மூன்று மெத்தில் தொகுதிகள் தாங்குவதால் இது கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அயனி தட்டையானது, முன்பு அடைபட்டிருந்த கார்பன் இப்போது இரு பக்கமும் திறந்திருக்கிறது. சுற்றிலும் நிரம்பி நிற்கும் மெத்தனால் மூலக்கூறு ஒன்று அதில் வந்து பிணைந்தால் பதிலீடு, அதாவது எஸ்என்1. ஒரு ஹைட்ரஜனை எடுத்துப் போனால் நீக்கம், அதாவது ஈ1. பொதுவாக முந்துவது முதலாவது. மூவிணைய பியூட்டைல் குளோரைடை 80 விழுக்காடு எத்தனாலும் மீதி நீருமாக உள்ள கலவையில் 25 டிகிரியில் வைத்தபோது 83 விழுக்காடு பதிலீட்டுப் பொருள்கள், 17 விழுக்காடு ஆல்க்கீன் என்று கணக்கு.

சூடேற்றினால் இந்தப் பங்கு ஆல்க்கீன் பக்கம் நகரும். இது மேலே சொன்ன ஈ2-வுக்கும் பொருந்தும். பதிலீட்டில் இரண்டு துகள்கள் சேர்ந்து இரண்டு துகள்களே வெளிவருகின்றன. நீக்கத்தில் இரண்டு சேர்ந்து மூன்று வெளிவருகின்றன: ஆல்க்கீன், ஹாலைடு அயனி, ஹைட்ரஜனை ஏற்றுக்கொண்ட காரம். துகள்களின் எண்ணிக்கை கூடும் வினைக்கு வெப்பம் ஏற ஏற ஆதரவும் ஏறும். அதோடு நீக்கத்தில் கூடுதல் பிணைப்புகள் உடைய வேண்டியிருப்பதால், தாண்ட வேண்டிய ஆற்றல் மேடும் சற்று உயரம். இருந்தாலும் வெப்பத்துக்கு நான் கடைசி இடம்தான் தருவேன். முக்கோண வடிவச் சூடேற்றும் குறியைப் பார்த்ததும் நீக்கம் என்று எழுதுவது ஆபத்து. சோடியம் அயோடைடை அசிட்டோனில் எவ்வளவு சூடாக்கினாலும் அயோடைடு வலிய காரமாகிவிடாது. 50-க்கு 50 என்று இழுபறியாக இருக்கும் இடத்தில்தான் வெப்பம் தீர்ப்பை மாற்றும்.

நீக்கம் என்று முடிவானதும் சில மூலக்கூறுகளில் இன்னொரு கேள்வி எழும்: எந்தப் பக்கத்து ஹைட்ரஜன்? 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேனில் இரண்டு விதமான பீட்டா ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. ஈத்தாக்சைடைப் போட்டால், கூடுதல் தொகுதிகள் ஒட்டிய நிலையான ஆல்க்கீன் 70 விழுக்காடு அளவுக்கு வரும். ரஷ்யாவின் கசான் நகரப் பேராசிரியர் செயிட்செஃப் 1875-ல் வகுத்த விதி இது. மூவிணைய பியூட்டாக்சைடைப் போட்டால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகி, ஓரத்து ஹைட்ரஜன் போய் உருவாகும் ஆல்க்கீன் 70 விழுக்காட்டைத் தாண்டுகிறது. காரணம் மறுபடியும் பருமன்தான்.

ஓரிணையம் என்றால் பதிலீடு என்ற நம்பிக்கையை உடைக்கும் மூலக்கூறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1-புரோமோ-2-ஃபினைல்ஈத்தேனை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஓரிணையம், ஈத்தாக்சைடும் பருமனானதல்ல. ஆனாலும் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆல்க்கீன்தான், அதாவது ஸ்டைரீன். பென்சீன் வளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹைட்ரஜன்கள் வழக்கத்தைவிட எளிதில் கழல்பவை. உருவாகும் இரட்டைப் பிணைப்பும் வளையத்தோடு கைகோத்து நிலைபெறுகிறது. புரோமோஈத்தேனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாத நீக்கம், ஒரு வளையம் ஒட்டியதும் தலைகீழாகிவிடுகிறது. அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது புரியாது. ஹைட்ரஜன் எவ்வளவு எளிதில் வரும் என்று கேட்டவருக்குப் புரியும்.

இதையெல்லாம் ஆய்வகத்தில் எப்படிச் சரிபார்ப்பது? தொடக்கக் கேள்விக்கு எடுத்த 2-புரோமோபுரோப்பேனில் 12.3 கிராம், அதாவது 0.1 மோல் எடுத்துக்கொள்வோம். வினை முடிந்ததும் சில்வர் நைட்ரேட் போட்டுப் பார்த்தால் புரோமைடு அயனி முழுவதும் வெளிவந்திருப்பது தெரியும். ஆனால் அது எதையும் தீர்மானிக்காது. பதிலீட்டிலும் புரோமைடு வரும், நீக்கத்திலும் வரும். பார்க்க வேண்டியது வாயுவை. மேலே குளிர்விப்பானை வைத்தால் எத்தனாலும் ஈதரும் மறுபடி குடுவைக்குள் சொட்டும். புரோப்பீன் மட்டும் வாயுவாகத் தப்பிக்கும். 79 விழுக்காடு என்றால் அறை வெப்பநிலையில் சுமார் 1.9 லிட்டர் வாயு. குடுவையில் மிஞ்சும் ஈதரோ 2 கிராமுக்கும் குறைவு. வாயுவை புரோமின் நீரில் செலுத்தினால் பழுப்பு நிறம் மறையும். பெர்மாங்கனேட்டில் செலுத்தி ஊதா நிறம் மறைகிறதா என்றும் பார்க்கலாம், ஆனால் அதற்குமுன் வாயுவை ஒரு குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். கூடவே வரும் எத்தனால் ஆவியும் பெர்மாங்கனேட்டின் நிறத்தை மாற்றக்கூடியது. கழுவாமல் சோதித்தவர் ஆல்க்கீனே உருவாகாத வினையிலும் ஆல்க்கீன் கண்டுபிடித்துவிடுவார்.

இனி பள்ளிப் பாடப்புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீர்க்கரைசலான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால் ஆல்கஹால், ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால் ஆல்க்கீன் என்று நம் மாணவர்கள் அனைவரும் படிக்கிறார்கள். இதற்கு அடிப்படை இல்லாமலில்லை. நீரில் ஹைட்ராக்சைடு அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் மொய்த்துக்கொள்வதால் அதன் காரத்தன்மை மட்டுப்படுகிறது. ஆல்கஹாலில் அந்தப் பிடி தளர்வு. அதோடு ஹைட்ராக்சைடின் ஒரு பகுதி எத்தனாலோடு சேர்ந்து ஈத்தாக்சைடாகவும் மாறிவிடுகிறது. அதனால் ஆல்கஹால் கரைசல் நீக்கத்துக்குச் சாதகமானது என்பது சரி.

சிக்கல் உதாரணத்தில் இருக்கிறது. இந்த விதியை விளக்கப் பரவலாக எழுதப்படுவது எத்தில் புரோமைடு. அதிலிருந்து எத்தீன் வருவதாகச் சமன்பாடு. மேலே பார்த்தோம், ஓரிணையமான எத்தில் புரோமைடில் ஈத்தாக்சைடு செய்வது பெரும்பாலும் பதிலீடுதான். அந்தக் குடுவையில் எத்தீன் வரும், ஆனால் சிறு பங்காக, பெரும்பங்கு ஈதர். விதியைக் காட்ட இதைவிடப் பொருத்தமற்ற மூலக்கூறைத் தேடிப் பிடிக்க முடியாது. பள்ளித் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் மாணவர்கள் எத்தீன் என்றே எழுதட்டும். திருத்துபவரின் விடைத்தாளில் அதுதான் இருக்கும். ஆனால் வினைப்பொருள், வெப்பநிலை, கரைப்பான் எல்லாம் தனித்தனியாகக் கொடுத்து முதன்மை விளைபொருளைக் கேட்கும் நுழைவுத் தேர்வில், ஓரிணைய ஹாலைடும் ஈத்தாக்சைடும் வந்தால் ஈதரைத் தேர்ந்தெடுக்கத் தயங்க வேண்டாம்.

பாடநூல் எழுதுவோரும் வினாத்தாள் தயாரிப்போரும் அடுத்த பதிப்பில் எத்தில் புரோமைடை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 2-புரோமோபுரோப்பேனை வைக்க வேண்டும். சமன்பாட்டில் ஒரு கார்பன் கூடும். மாணவர் படிக்கும் விதி குடுவையில் நடப்பதோடு பொருந்திவிடும்.